சலூனில் கல்லூரி இன்டர்ன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஐந்து சேர், இரண்டு ஷாம்பூ பேசின், ஆறு ஊழியர்கள் கொண்ட யூனிசெக்ஸ் சலூன் நடத்துகிறேன். காஸ்மெட்டாலஜி படிக்கும் பிள்ளைகள் சில ஆண்டுகளாக என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். சலூன் நடத்தும் மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

காலேஜ்ல இருந்து நாலு பேரை எடுத்துக்கச் சொல்றாங்க. எங்ககிட்ட அஞ்சு சேர்தான் இருக்கு. எத்தனை பேர் எடுக்கலாம்?

ஒருவர். சேரை எண்ணாதீர்கள், பக்கத்தில் நின்று பார்க்கக்கூடிய சீனியர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கஸ்டமரைக் கையில் வைத்திருக்கும் ஸ்டைலிஸ்ட் ஒரே நேரத்தில் ஒருவரைத்தான் உருப்படியாகக் கவனிக்க முடியும். பேசினும் ஒரு கணக்குதான். ஆரம்பத்தில் இன்டர்னின் பாதி வேலை பேசினில் நடக்கும். இரண்டு பேசினில் ஒன்றை அவர் பிடித்துக்கொண்டால் உங்கள் ஆட்கள் மிச்சம் இருக்கும் ஒன்றுக்காக வரிசையில் நிற்பார்கள்.

கல்லூரி வற்புறுத்தினால் இரண்டு பேரைக் காலை, மாலை என்று பிரித்து எடுங்கள். நாலு பேரை எடுத்தால் இரண்டு பேர் வேலை பார்ப்பார்கள், இரண்டு பேர் சுவரோரம் போன் பார்ப்பார்கள். அது அவர்கள் தப்பில்லை.

எந்த மாசத்துல எடுக்கறது நல்லது?

மார்கழி. முகூர்த்தம் கிடையாது, அதனால் மணப்பெண் புக்கிங் இருக்காது. மாலை போட்டவர்கள் முடி வெட்ட மாட்டார்கள் என்பதால் ஆண்கள் பக்கமும் காற்றாடும். கல்லூரிகளில் நவம்பர் செமஸ்டர் தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருப்பார்கள். பொங்கல் கூட்டம் தொடங்குவதற்குள் முடியும்படி டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்துவிடுங்கள். ஆடியும் ஆகும், ஆனால் அப்போது கல்லூரி நடக்கும் என்பதால் அரைநாள்தான் வருவார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சமயத்தில் எடுக்கிறவர்களுக்கு எடுபிடிக்கு ஆள் வேண்டும் என்று அர்த்தம்.

இன்டர்ன், அப்ரென்டிஸ், வாலண்டியர் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் பின்னால் சிக்கல் வரும்.

இன்டர்ன் என்பவர் பாடத்தின் ஒரு பகுதியாக வருகிறவர். அவருடைய படிப்பு கல்லூரியில், நீங்கள் பயிற்சிக்கான இடம் மட்டும். யுஜிசி வழிகாட்டுதல்படி இளநிலை மாணவர்களுக்கு இது 60 முதல் 120 மணி நேரம், அதற்கு 2 முதல் 4 கிரெடிட். கல்லூரியின் கடிதத்தில் மணி நேரம், தேதி, பொறுப்பாசிரியர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். அது இல்லாமல் வருகிற பிள்ளையை நான் உள்ளே விடுவதில்லை.

அப்ரென்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் வருவது. apprenticeshipindia.gov.in தளத்தில் ஒப்பந்தம் பதிய வேண்டும், மாதாமாதம் உதவித்தொகை கட்டாயம். நான்கு முதல் 29 பேர் வரை ஆள் வைத்திருக்கும் கடைக்கு இது விருப்பம், 30 பேரும் அதற்குமேலும் என்றால் கட்டாயம். மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்தால் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய் வரை அரசு தருகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் ஆள் வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்டர்ன் என்ற பெயரில் சுற்றி வளைக்காமல் நேராக இந்த வழியில் போகலாம்.

வாலண்டியருக்கு லாபம் பார்க்கும் சலூனுக்குள் இடமில்லை என்பது என் கருத்து. கஸ்டமர் பணம் கொடுக்கிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம், வேலை செய்தவர் தொண்டு செய்தார் என்றால் அது சரியாகப் படவில்லை. முதியோர் இல்லத்தில் இலவசமாக முடி வெட்டப் போகிறோம், கேன்சர் நோயாளிகளின் விக்குக்காக முடி சேகரிக்கிறோம், அங்கே வாலண்டியர் வரட்டும். அங்கேயும் டோக்கன் கொடுப்பது, டவல் மாற்றுவது, வெட்டிய முடியை ஒரே பக்கமாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைப்பது என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுங்கள். கத்தரி மட்டும் ஸ்டைலிஸ்ட் கையில்.

120 மணி நேரத்தை எப்படிப் பிரிக்கறது? முதல் நாள் என்ன வேலை கொடுக்கறது?

சென்ற முறை வந்த மாணவிக்குப் போட்ட கணக்கையே சொல்கிறேன். வாரம் ஆறு நாள், காலை 10.30 முதல் 4 மணி வரை, நடுவில் அரைமணி நேரம் சாப்பாடு. ஒரு நாளுக்கு 5 மணி நேரம், நான்கு வாரத்தில் 120.

முதல் வாரம் முழுக்கச் சுத்தம். பெருக்குவதைச் சொல்லவில்லை, கருவிகளைச் சுத்தம் செய்வதைச் சொல்கிறேன். சீப்பிலும் கிளிப்பிலும் சிக்கிய முடியை முதலில் எடுக்க வேண்டும், சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், அலச வேண்டும், அதற்குப் பிறகுதான் கிருமிநாசினியில் முழுக்க மூழ்கும்படி போட வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை, எங்களுடையதில் 10 நிமிடம், அப்படியே இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு போட்டால் மருந்து சீப்பைத் தொடாமல் பிசுக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கும். ஜாடியில் திரவம் கலங்கியிருந்தாலோ அடியில் முடி கிடந்தாலோ அது வேலைக்கு ஆகாது, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெண் மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவள்தான் என் பழைய ஊழியரிடம், "அக்கா, கத்தரியை ராத்திரி முழுக்க ஊற வெச்சா துரு பிடிக்கும்ல?" என்று கேட்டாள்.

இரண்டாவது வாரம் ஷாம்பூ. முதல் இரண்டு நாள் எங்கள் ஊழியர்களின் தலையில், பிறகு சம்மதித்த கஸ்டமர் தலையில். சூட்டைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்த்த பிறகே தலையில் விட வேண்டும். கழுத்துக்கும் பேசினுக்கும் இடையில் மடித்த டவல் வைக்க வேண்டும். வயதானவர்கள் கழுத்தை நெடுநேரம் பின்னால் சாய்த்து வைத்திருப்பது நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் ஆகாது. தலைசுற்றுகிறது என்று சொன்னால் உடனே மெதுவாக நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டுச் சீனியரைக் கூப்பிட வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சும்மா தலை கழுவுவதுதானே என்று நினைத்துத்தான் பலர் இன்டர்னைப் பேசினில் தனியாக விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது வாரம் கலர் கலப்பது. கண் அளவு கிடையாது, தராசுதான். 40 கிராம் கலர், 60 கிராம் டெவலப்பர் என்று சீனியர் கார்டில் எழுதிக் கொடுப்பார். அவள் கலந்து, பாட்டில் லேபிளையும் கார்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள். சீனியர் பார்த்துவிட்டுப் பவுலை எடுத்துக்கொள்வார். அந்த வாரம் பிரஷ் அவள் கைக்குப் போகாது. டம்மி தலையில் மட்டும் பிரித்துப் பூசிப் பழகலாம்.

நான்காவது வாரம் பிளோ டிரையும், ஒரே ஒரு ரூட் டச்-அப்பும். அதையும் எங்கள் ஊழியர் ஒருவருடைய பின்தலையில்தான் செய்தாள். 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட் எடுத்திருந்தோம். நம்ம ஆள்தானே என்று அதை விட்டுவிட்டால், பிள்ளை கற்றுக்கொள்வது விட்டுவிடலாம் என்பதைத்தான்.

சும்மா நிக்கறாளே, த்ரெடிங், வேக்ஸிங் பண்ண விட்டா என்ன?

விடாதீர்கள். பிளேடு, தோலில் படும் சூடு, வீரியமான கெமிக்கல், கண்ணுக்குப் பக்கம் ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும், அந்த வேலையை நான்கு வார இன்டர்ன் கஸ்டமர்மேல் செய்யக்கூடாது. ஷேவிங், வேக்ஸ், ஹேர் பிளீச், ஸ்மூத்தனிங், இமை டின்ட் எல்லாம் இதில் அடக்கம். த்ரெடிங் நூல்தானே என்பார்கள். இமைத்தோல் கீறினால் கஸ்டமர் ஒரு வாரம் மறைக்க முடியாமல் அலைய வேண்டும். ஊழியரின் கையிலோ முழங்காலிலோ பழகலாம்.

கல்லாவும் வேண்டாம். பணம் குறைந்தால் சந்தேகம் முதலில் புதுப்பிள்ளைமேல்தான் விழும். அந்த நிலைமையில் அவர்களை நிறுத்தாமல் இருப்பதும் நம் பொறுப்பு.

மேற்பார்வைன்னா எப்பவும் பக்கத்துலயே நிக்கணுமா?

வேலையைப் பொறுத்தது. எங்கள் கடையில் ஒரே ஒரு தாள் இருக்கிறது. இடப்பக்கம் வேலைகளின் பெயர், மொத்தம் பதினாலு. வலப்பக்கம் மூன்று கட்டம்: பார்த்தாள், கூட நின்று செய்தாள், தனியாகச் செய்யலாம். ஒவ்வொரு கட்டத்திலும் சீனியரின் கையெழுத்தும் தேதியும். மூன்றாவது கட்டத்தில் கையெழுத்து இல்லாத வேலையை யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அவள் தனியாகச் செய்யக்கூடாது. "அக்கா, எனக்கு இதுல மூணாவது கையெழுத்து இல்ல" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்பதை முதல் நாளே ஊழியர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன்.

இந்தத் தாள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் சனிக்கிழமைக் கூட்டத்தில் என் ஸ்டைலிஸ்ட் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே, "அந்த டெவலப்பரை எடுத்துக் கலந்து வை" என்று ஒரு பையனிடம் சொல்லிவிட்டார். அலமாரியில் 20 வால்யூமும் 40 வால்யூமும் ஒரே மாதிரி வெள்ளைப் பாட்டில்கள். 20 என்றால் 6 சதவீதம் பெராக்சைடு, 40 என்றால் 12 சதவீதம், அதாவது இரட்டிப்பு. அவன் 40-ஐ எடுத்துவிட்டான். கலர் பூசிய ஐந்தாவது நிமிடம் அந்த அம்மா உச்சந்தலை சுடுகிறது என்றார். உடனே அலசியதால் லேசான சிவப்போடு போனது. தப்பு யாருடையது? பையனுடையது இல்லை. எந்தப் பாட்டில் என்று சொல்லாதவருடையது, அதற்கும் மேலே, ஒரே மாதிரிப் பாட்டில்களை ஒரே தட்டில் வைத்திருந்த என்னுடையது. அன்று இரவே 40 வால்யூமை மேல்தட்டுக்கு ஏற்றிப் பூட்டிவிட்டேன்.

மேற்பார்வை சரியாக நடக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று சொல்கிறேன். வாரக் கடைசியில் தாளைப் பாருங்கள். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே நாளில் விழுந்திருந்தால் யாரும் பார்க்கவில்லை, சனிக்கிழமை மாலை உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

கஸ்டமர் "கத்துக்கற பொண்ணு வேண்டாம்"னு சொன்னா?

சரி என்று விட்டுவிடுங்கள். சேரில் உட்காருவதற்கு முன்பே, அந்தப் பிள்ளை காதில் விழாத தூரத்தில், "இன்னிக்கு ஷாம்பூ ஒரு ஸ்டூடன்ட் பண்ணட்டுமா, நான் கூடவே இருப்பேன்" என்று கேட்க வேண்டும். துணி போர்த்திய பிறகு கேட்டால் மறுக்கக் கூச்சப்பட்டுச் சரி என்பார்கள், அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

இன்டர்ன் செய்கிற வேலைக்கு முழுக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவி பிளோ டிரை என்றால் பாதி விலை, அதைப் பில்லிலும் அப்படியே எழுதுகிறோம்.

ஸ்டைபண்ட் கொடுத்தே ஆகணுமா?

பாடத்திட்டத்தின் கீழ் வரும் குறுகிய இன்டர்ன்ஷிப்பில் பலரும் கொடுப்பதில்லை. நான் கொடுக்கிறேன். பஸ் காசும் மதியச் சாப்பாடும் ஆகும் அளவுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுச் சனிக்கிழமைதோறும் கையில். கோபியிலிருந்து தினமும் வந்து போகிற பிள்ளைக்கு அது இல்லாவிட்டால் நான்கு வாரத்தில் வீட்டுக்குக் கடன்தான் மிஞ்சும்.

இதைவிட முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். இன்டர்ன் வராத நாளில் உங்கள் கடை நடக்குமா? நடக்கும் என்றால் அவர் கற்றுக்கொள்ள வந்தவர். நடக்காது, அவர் லீவு போட்டால் திணறுகிறோம் என்றால் அவர் ஊழியர் ஆகிவிட்டார். அப்போது சம்பளம்தான் பேச வேண்டும்.

டிப்ஸ்?

கஸ்டமர் அவள் கையில் கொடுத்தால் அவளுடையது. பொதுப் பெட்டியில் போட்டால் அன்றைக்கு அவள் இருந்த மணி நேரத்துக்கு ஏற்ற பங்கு அவளுக்கும் உண்டு. இதை எழுதி ஒட்டிவிடுங்கள். பத்து ரூபாய்க்கு வருகிற மனக்கசப்பு பெரியது.

ரெண்டாவது வாரமே கையெல்லாம் வெடிச்சு அரிக்குதுன்னு சொல்றா. நடிக்கிறாளா?

இல்லை. சலூனில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மிக அதிகமாக வருவது இதுதான். நாள் முழுக்கத் தண்ணீர், ஷாம்பூ என்று இருந்தால் தோலின் எண்ணெய்ப் படலம் போய்விடும். விரல் இடுக்கில் முதலில் சிவக்கும், பிறகு வெடிக்கும். வெடித்த தோலில் கலர் பட்டால் ஒவ்வாமை நிரந்தரமாகவே ஒட்டிக்கொள்ளலாம், அதோடு இந்தத் தொழிலே அவளுக்கு முடிந்துவிடும்.

ஷாம்பூவுக்கும் கலருக்கும் நைட்ரைல் கையுறை. ஒருமுறை போட்டதைத் திரும்பப் போடக்கூடாது. மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள், அதன் அடியில்தான் ஈரம் தங்கும். கையைத் துடைத்து உலர்த்தி, வாசனையில்லாத கிரீம் தடவச் சொல்லுங்கள். தொடர்ந்து தலை கழுவ விடாமல் நடுநடுவே உலர்ந்த வேலை கொடுங்கள். ஏற்கெனவே வெடித்துவிட்டால் ஈர வேலையை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

அப்புறம், உட்கார ஸ்டூல் போடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டது. இன்டர்ன் மட்டும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை.

பொண்ணுங்க விஷயம். பாதுகாப்புக்கு என்ன செய்யணும்?

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியர் என்ற சொல்லுக்குள் பயிற்சியாளரும் சம்பளமில்லாமல் வேலை செய்பவரும் வருகிறார்கள். பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் உள்குழு வைக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். என் கடை சிறியது என்பதால் அந்தக் குழுவின் விவரத்தையும் கல்லூரிப் பொறுப்பாசிரியர் எண்ணையும் முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒரே பக்கத்தில் என் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, என்னைப் பற்றியே புகார் என்றால் யாரிடம் போவாள்?

இன்டர்ன் கதவு மூடிய அறையில் கஸ்டமரோடு தனியாக இருக்கக்கூடாது. வீட்டு சர்வீசுக்குத் தனியாக அனுப்பக்கூடாது. இரவு கடை அடைக்கும் வேலை கிடையாது.

என் ஸ்டாஃபே முகம் சுளிக்கறாங்க. "நாங்க ஏன் கத்துக்கொடுக்கணும்"னு.

நியாயமான கேள்விதான். கற்றுக்கொடுப்பவரின் வேலை மந்தமாகும், அன்றைய இன்சென்டிவ் குறையும். பொறுப்பு எடுக்கும் சீனியருக்கு அந்த மாதம் ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள், சர்டிபிகேட்டில் பயிற்சியாளராக அவர் பெயரையும் போடுங்கள். இரண்டாவதுதான் எங்கள் கடையில் அதிகம் வேலை செய்தது.

சர்டிபிகேட்ல என்ன எழுதறது?

"சிறப்பாகப் பணியாற்றினார், வாழ்த்துகள்" என்ற சர்டிபிகேட்டை அடுத்த சலூன்காரர் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். செய்ததை எழுதுங்கள். அந்த மாணவிக்கு நான் எழுதியது இது:

"டிசம்பர் மாதம் தொடங்கி நான்கு வாரம், மொத்தம் 120 மணி நேரம் பயிற்சி பெற்றார். கருவிகளைச் சுத்தம் செய்தல், ஷாம்பூ, கண்டிஷனிங், எடை பார்த்துக் கலர் கலத்தல் ஆகியவற்றைத் தனியாகச் செய்வார். பிளோ டிரை மேற்பார்வையில் செய்வார். ரூட் டச்-அப் ஒருமுறை, மேற்பார்வையில், பின்தலையில் செய்தார். முடி வெட்டுதல் பார்த்திருக்கிறார், செய்யவில்லை."

கடைசி வரி தேவையா என்று அவளே கேட்டாள். தேவை. அது இருப்பதால்தான் மேலே இருக்கிற மற்ற வரிகளையும் படிப்பவர் நம்புவார். மூன்று கட்டத் தாளின் நகலையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.

போட்டோ விஷயத்திலும் இதே நேர்மை வேண்டும். அவள் செய்த பிளோ டிரையை இன்ஸ்டாகிராமில் போட்டால் அவள் பெயரையும் போடுங்கள், அவள் வேண்டாம் என்றால் ஒழிய. கஸ்டமர் முகம் தெரிந்தால் கஸ்டமரிடமும் கேட்க வேண்டும். அவள் டம்மி தலையில் செய்த வேலையைக் கடையின் வேலை என்று போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பாதியில நிறுத்த வேண்டி வந்தா?

கல்லூரிக்குப் போன் செய்து, அதுவரை முடித்த மணி நேரத்துக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். 70 மணி நேரம் முடித்திருந்தால் 70 என்று எழுதுங்கள். கோபத்தில் அதை நிறுத்திவைக்க நமக்கு உரிமையில்லை.

நல்லா செஞ்சா. முடிஞ்சதும் நம்மளே வேலைக்கு வெச்சுக்கலாமா?

தாராளமாக. ஆனால் இன்டர்ன்ஷிப் முடிந்த தேதிக்கும் வேலை தொடங்கும் தேதிக்கும் இடையில் "ஒரு மாசம் சும்மா வந்து பாரு" என்ற பேச்சு வேண்டாம். 120 மணி நேரம் பார்த்தாகிவிட்டது, இன்னும் என்ன பார்க்க இருக்கிறது? படிப்பு முடிந்திருந்தால் முதல் நாளிலிருந்தே சம்பளம், வேலைக் கடிதம். முடியவில்லை என்றால் ஞாயிறு மட்டும் பகுதிநேரம், அதற்கும் சம்பளம். அந்த மாணவி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். பேசினில் டவல் மடித்து வைக்காமல் யாராவது தலை சாய்க்கச் சொன்னால் முதலில் குரல் கொடுப்பவள் அவள்தான்.